ஒன்பதாவது கேள்வி

மருத்துவ ஆராய்ச்சி செய்ய நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்கும் விண்ணப்பத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., தந்திருக்கும் பொதுப் படிவத்தில் அதற்கு 300 வார்த்தைதான் இடம். அந்தத் துறையைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஆளுக்கும் விளங்குகிற மாதிரி ஆய்வை அதற்குள் சொல்லிவிட வேண்டும். அந்த ஒன்றும் தெரியாத ஆள் நான்தான். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு மருத்துவக் கல்லூரியின் குழுவில் பொதுமக்கள் தரப்பில் உட்காருகிறேன். 2017ஆம் ஆண்டு ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைகளின்படி ஒரு குழுவில் 7 முதல் 15 பேர் வரை இருக்கலாம். மருத்துவர்களோடு சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியல் படித்தவர், என்னைப் போல வெளியாள் ஒருவர் என்று சேர்த்துத்தான் அமைக்க வேண்டும்.

நண்பரின் மகள் வேறொரு கல்லூரியில் சமூக மருத்துவம் எம்.டி. படிக்கிறாள். தீசிஸுக்கான சுருக்கத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். எங்கள் குழுவுக்கு வரப்போகிற விண்ணப்பமாக இருந்தால் தொட்டிருக்க மாட்டேன். இது வேறு குழுவுக்கு என்பதால் டீ போடச் சொல்லிவிட்டு வாங்கிப் படித்தேன்.

ஆய்வு நல்ல ஆய்வு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது அல்லவா? அப்படி வாங்குகிற சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேருக்கு மனச்சோர்வு இருக்கிறது, மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உட்பட்ட கிராமங்கள். ஒவ்வொருவரிடமும் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கேட்பாள். மூன்று மில்லி ரத்தம் எடுத்து, மூணு மாச சுகர் என்று ஜனங்கள் சொல்கிற எச்பிஏ1சி பரிசோதனை செய்வாள். அவ்வளவுதான்.

பின்னணி, நோக்கம், மாதிரி அளவு என்று 250 வார்த்தை போய்விட்டது. கடைசியில் மூன்று வாக்கியம்: 'இவ்வாய்வில் பங்கேற்பாளர்களுக்கு எவ்வித அபாயமும் இல்லை. தகவலறிந்த ஒப்புதல் பெறப்படும். அனைத்துத் தகவல்களும் ரகசியமாகப் பாதுகாக்கப்படும்.'

இந்த மூன்றையும் ஒவ்வொரு கூட்டத்திலும் பார்க்கிறேன். பல் ஆய்வு, புற்றுநோய் ஆய்வு, பிரசவ ஆய்வு எல்லாவற்றிலும் இதே மூன்றுதான். எந்த ஆய்வுக்கும் பொருந்துகிற வாக்கியம் இந்த ஆய்வைப் பற்றி எனக்கு எதையும் சொல்வதில்லை.

"சரிம்மா, உன் பட்டியலில் இருக்கிற ஒருத்தரை நினைச்சுக்கோ" என்றேன். "63 வயசு. கணவர் இல்லை. ஊர் முனையில் பெட்டிக்கடை. கையெழுத்துப் போடத் தெரியாது. நீ அந்த அம்மா வீட்டு வாசலில் நிக்கிறே. அங்கிருந்து ஆரம்பி."

முதலில் ரத்தம். அதில் அவளுக்குக் குழப்பம் இல்லை. ஊசி குத்தும் வலி, சிலருக்கு அந்த இடத்தில் கன்றிப்போகும், அபூர்வமாக யாருக்காவது தலைசுற்றும். மூன்று மில்லி என்றால் அரை டீஸ்பூனைவிடக் கொஞ்சம் அதிகம். இதைச் சொல்லிவிடலாம். ஆனால் 'எவ்வித அபாயமும் இல்லை' என்று எழுதிவிட்டு இதைச் சொல்ல முடியாதே. படிவத்தில் 'குறைந்தபட்ச அபாயம்' என்ற கட்டத்தில் டிக் வேறு போட்டிருந்தாள். ஐ.சி.எம்.ஆர். அபாயத்தை நான்கு படியாகப் பிரிக்கிறது. யாரென்று தெரியாத, ஏற்கெனவே இருக்கிற தகவலை வைத்துச் செய்வது முதல் படி. வழக்கமான கேள்வி, உடல் பரிசோதனை, சிறுநீர், உமிழ்நீர் போன்றவை இரண்டாவது படி, இதுதான் குறைந்தபட்சம். சிறிதளவு ரத்தம் எடுப்பதை அதற்கு ஒரு படி மேலே, மூன்றாவதில் வைத்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய தகவலைச் சேர்ப்பதும், மனத்துக்குச் சங்கடம் தரக்கூடியதும் அதே மூன்றாவது படியில்தான் வரும் என்றும் அந்த நெறிமுறை சொல்கிறது. இவள் ஆய்வில் மூன்றும் இருக்கிறது. டிக் தப்பு. அதை மாற்றுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. மூன்றாவது படி ஆய்வுகளுக்கு நாங்கள் அன்றாடம் அனுமதி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஊசியை விடுங்கள். கேள்வித்தாளுக்கு வருவோம்.

பி.எச்.கியூ-9இல் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள். தூக்கம், பசி, சலிப்பு, களைப்பு என்று போகும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மனச்சோர்வு இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒன்பதாவது கேள்வி மட்டும் தனி ரகம். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று அது கேட்கிறது.

"அந்த அம்மா 'ஆமா கண்ணு, பாதி நாள் அப்படித்தான் தோணுது' என்கிறார். நீ என்ன செய்வே?"

"டாக்டர்கிட்ட ரெஃபர் பண்ணுவேன் சார்."

"எந்த டாக்டர்? எப்போ? யார் கூட்டிப் போவாங்க?"

பதில் இல்லை. இன்னொன்றும் கேட்டேன்: மதிப்பெண்ணை எப்போது கூட்டுவாய்? எல்லாப் படிவமும் சேர்ந்த பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றிக் கூட்டுவதாகத் திட்டம். அப்படியென்றால் அந்த அம்மா சொன்ன பதில் ஒரு பையில் மடித்த தாளாக வாரக்கணக்கில் கிடக்கும். யாராவது அதைப் பார்க்கும்போது காலம் கடந்திருக்கும். இந்த ஆய்வின் பெரிய அபாயம் இதுதான், ஊசி இல்லை.

கேள்வி கேட்பதே அபாயம் என்று நான் சொல்லவில்லை. தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோமோ என்று பலருக்குப் பயம். ஆராய்ந்து பார்த்தவரை அப்படி நடப்பதில்லை. பலருக்கு யாராவது கேட்டார்களே என்பதே ஆறுதல். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் எழுந்து போவதுதான் கேடு.

ஆகவே திட்டத்தில் சில விஷயங்கள் மாற வேண்டும். படிவத்தை அந்த வீட்டுத் திண்ணையிலேயே, எழுந்திருக்கும் முன், கூட்ட வேண்டும். மொத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. மற்ற எட்டில் கொஞ்சமாக வாங்கி மொத்தம் ஆறில் நிற்கிற ஒருவர் ஒன்பதாவதில் இரண்டு வாங்கியிருக்கலாம். பத்து என்ற கோட்டுக்குக் கீழே இருப்பதால் அவர் கண்ணில் படாமல் போய்விடுவார். ஒன்பதாவதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் தனியாகக் கவனிக்க வேண்டும். அன்றைக்கே சுகாதார நிலைய மருத்துவரிடம் பேச வைக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரோடு முன்கூட்டியே பேசி, அவர் எந்த நாளில் எங்கே இருப்பார் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். அரசின் டெலி மனஸ் எண் 14416 ஒரு சீட்டில் அச்சடித்து எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். எல்லாருக்கும் என்று அழுத்திச் சொல்கிறேன். 'ஆமாம்' என்றவருக்கு மட்டும் கொடுத்தால் சீட்டைப் பார்த்தே பக்கத்து வீட்டார் விஷயத்தை ஊகித்துவிடுவார்கள்.

இதெல்லாம் முடிவான பிறகு சுருக்கத்தில் எழுத வேண்டியது நாலு வரிதான். அவளையே எழுதச் சொன்னேன். இரண்டு முறை அடித்துத் திருத்தி இப்படி வந்தது:

'ரத்தம் எடுக்கும்போது வலிக்கும். சிலருக்கு அந்த இடம் கன்றலாம். மனநிலை பற்றிய கேள்விகள் சிலருக்கு வருத்தம் தரலாம். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் விடலாம். ஒரு கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது. அப்படி எண்ணம் இருப்பதாக ஒருவர் சொன்னால், ஆய்வாளர் அன்றே அவரைச் சுகாதார நிலைய மருத்துவரிடம் பேச வைப்பார். தேவைப்பட்டால் மாவட்ட மனநல மருத்துவரிடம் கூட்டிச் செல்வார். போக்குவரத்துச் செலவு ஆய்வாளருடையது.'

கடைசி வாக்கியம் அவளாகச் சேர்த்தது. எனக்கு அதுதான் பிடித்தது. மருத்துவமனைக்குப் போங்கள் என்று சொல்வது எல்லாருக்கும் சுலபம். பெட்டிக்கடையைப் பூட்டிவிட்டு பஸ்ஸுக்குக் காசு கொடுத்துப் போகிறவருக்குத்தான் அதன் கனம் தெரியும்.

டீ ஆறிப்போய் இன்னொரு சுற்று வந்தது. அடுத்து ஒப்புதல்.

'தகவலறிந்த ஒப்புதல் பெறப்படும்.' யாரால், எங்கே, எப்போது என்று வாக்கியம் சொல்லவில்லை. கேட்டுப் பார்த்தேன். மாத்திரை கொண்டுபோகிற பெண் தன்னார்வலரோடு இவளும் போவாள். வீடு கண்டுபிடிக்கவும் எளிது, அறிமுகமும் ஆகிவிடும். தன்னார்வலரே ஆய்வைப் பற்றிச் சொல்லிக் கையெழுத்து வாங்கித் தருவதாகவும் ஒத்துக்கொண்டிருக்கிறாராம். வேலை மிச்சம்.

இப்போது அந்த அம்மாவின் பக்கம் நின்று பாருங்கள். மாதாமாதம் மாத்திரை கொடுக்கிற பெண் வந்திருக்கிறாள். ஒரு கையில் மாத்திரை அட்டை, இன்னொரு கையில் படிவம். 'இதில ஒரு கையெழுத்து வெச்சுடுங்கம்மா.' வேண்டாம் என்றால் அடுத்த மாதம் மாத்திரை வருமா என்ற சந்தேகம் அவருக்கு வரத்தானே செய்யும்? நின்றுவிடும் என்று யாரும் மிரட்டவில்லை. மிரட்ட வேண்டிய அவசியமும் இல்லை. படிவத்தில் 'பங்கேற்பது உங்கள் விருப்பம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கலாம். படிக்கத் தெரியாதவருக்கு அந்தக் காட்சிதான் படிவம்.

அவள் உடனே, "துணை இயக்குநர் ஆபீஸ்ல அனுமதி வாங்கப் போறேன் சார்" என்றாள். வாங்கத்தான் வேண்டும். ஆனால் அது அரசு இடத்தில் நுழைவதற்கான அனுமதி. அந்த அம்மாவின் கையில் ஊசி போடுவதற்கான அனுமதி அவருடைய வாயிலிருந்துதான் வர வேண்டும். இந்த இரண்டும் கலந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2009இல் அப்போதைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வு நடந்தது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோர் கையெழுத்து வாங்கவில்லை. விடுதிக் காப்பாளர்களே படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. விசாரணைக் குழு வந்தது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையான அறிக்கை கொடுத்தது. அந்தக் காப்பாளர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. மேலே இருப்பவர் சொன்னார், கீழே இருக்கிற பிள்ளைகளுக்காக இவர்கள் போட்டுவிட்டார்கள். அதிகாரம் உள்ளவரின் கையெழுத்து கிடைத்ததும் மற்றதெல்லாம் கிடைத்துவிட்டது போலத் தோன்றும். அதுதான் சிக்கல்.

தன்னார்வலரை முழுக்கத் தவிர்க்க முடியுமா? வீட்டைக் காட்ட, அறிமுகம் செய்ய அவர் வேண்டும். ஆனால் மாத்திரை கொடுக்கிற நாளில் வேண்டாம். அறிமுகத்தோடு அவர் நகர்ந்துவிட வேண்டும். யார் ஒத்துக்கொண்டார், யார் மறுத்தார் என்பது அவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் பேச்சு வளரும். ஒப்புதலை இவளே கேட்க வேண்டும். கேட்ட அன்றே வாங்கிவிடாமல், மகனிடமோ மகளிடமோ கேட்டுச் சொல்ல ஒரு நாள் விட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டாம் முறை போக வேண்டிவரும். ஆய்வுக்கு அதிக நாள் பிடிக்கும். பிடிக்கட்டும்.

கையெழுத்துத் தெரியாதவருக்கு ரேகை வைக்கலாம். அப்போது சாட்சி ஒருவர் வேண்டும். அவர் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாதவராக இருக்க வேண்டும். தன்னார்வலரைச் சாட்சியாகப் போடுவது என்ற யோசனையும் அதனால் அடிபட்டுப் போயிற்று. பக்கத்து வீட்டில் படித்த பெண் யாராவது இருக்கலாம். ஆனால் சாட்சி ஒப்புதலுக்கு மட்டும்தான். கேள்விகள் தொடங்கும்போது அவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். பி.எச்.கியூ-9 பதில்களைப் பக்கத்து வீட்டார் உட்கார்ந்து கேட்டால் என்ன ரகசியம் மிஞ்சும்?

இன்னொரு விஷயத்தை அவளே கேட்டாள். "அவங்களுக்குப் புரிஞ்சுதான் சரி சொன்னாங்கன்னு எப்படி சார் தெரியும்?" அருமையான கேள்வி. 'புரிந்ததா?' என்று கேட்டால் நம் ஊரில் எல்லாரும் தலையாட்டுவார்கள். படித்த டாக்டர் பொண்ணு மனசு நோகக் கூடாதே. அதனால் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். 'நான் போனப்புறம் உங்க மக கேட்டா, எதுக்கு வந்தாங்கன்னு சொல்வீங்க?' என்று கேட்கலாம். 'ஏதோ எனக்குச் சர்க்கரை குணமாக ஊசி போட வந்தாங்க' என்று பதில் வந்தால் புரியவில்லை என்று அர்த்தம். சிகிச்சை என்று நினைத்துக்கொண்டு ஆய்வுக்குச் சம்மதிப்பது மிகப் பரவலாக நடக்கிறது. வெள்ளைக் கோட்டும் ஊசியும் பார்த்தால் வைத்தியம் என்றுதானே நினைப்பார்கள்? மறுபடி விளக்க வேண்டும். மூன்றாம் முறையும் அப்படியே சொன்னால், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

சுருக்கத்துக்கு வந்தது இது: 'ஆய்வாளரே தமிழில் விளக்கி, புரிந்ததைத் திருப்பிச் சொல்லக் கேட்டு, மறுநாளோ அதற்குப் பிறகோ ஒப்புதல் வாங்குவார். மாத்திரை வழங்கும் நாளில் ஒப்புதல் கேட்கப்படாது. மறுத்தாலும் மாத்திரை வழக்கம்போல் வரும். மறுத்தது தன்னார்வலருக்குத் தெரிவிக்கப்படாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் படிவம் வாசிக்கப்படும். தகவல் தாளின் ஒரு நகல் அவரிடமே இருக்கும்.'

மூன்றாவது வாக்கியம் மிச்சம். 'அனைத்துத் தகவல்களும் ரகசியமாகப் பாதுகாக்கப்படும்.' இதைத் திருத்துவதற்கு முன் முதல் பகுதியில் எழுதியதைப் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொன்னேன். படித்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தாள். ஒன்பதாவது கேள்விக்கு ஆமாம் என்றால் மருத்துவரிடம் சொல்வேன் என்று மேலே எழுதியாயிற்று. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கீழே சத்தியம் செய்தாயிற்று. இரண்டில் ஒன்று பொய். சுருக்கங்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான். அபாயம், ஒப்புதல், ரகசியம் என்று மூன்று தலைப்பையும் மூன்று நாளில் எழுதுவார்கள். ஒன்றில் கொடுத்த வாக்கை இன்னொன்று உடைத்துக்கொண்டிருக்கும்.

இதே மாதிரி இன்னொன்றும் இருந்தது. 'பங்கேற்பாளரின் பெயர் சேகரிக்கப்படாது' என்று விண்ணப்பத்தின் உள்ளே எழுதியிருந்தாள். ரத்தப் பரிசோதனை முடிவு 11 சதவீதம் என்று வந்தால் அந்த அம்மாவிடம் சொல்வாயா என்று கேட்டேன். கண்டிப்பாகச் சொல்வாளாம். பெயர் இல்லாத குழாயில் வந்த முடிவை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது?

அதனால் உண்மையான ஏற்பாடு இதுதான்: பெயர் சேகரிக்கப்படும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். கேள்வித்தாளிலும் ரத்தக் குழாயிலும் எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் ஒரே ஒரு நோட்டில். அது கைடின் அறை அலமாரியில் பூட்டி இருக்கும், கம்ப்யூட்டரில் இருக்காது. எல்லாருக்கும் முடிவு சொல்லி முடித்து, குறிப்பிட்ட மாதத்தில் அந்த நோட்டை அழித்துவிடலாம். அதுவரைக்கும் அந்த அம்மா 'என் விவரம் வேண்டாம், எடுத்துவிடு' என்றால் எடுக்க முடியும். நோட்டு அழிந்த பிறகு எந்த வரி யாருடையது என்று இவளுக்கே தெரியாது, எடுக்க முடியாது. 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்று மட்டும் எழுதி இந்தத் தேதியை மறைப்பது நியாயம் இல்லை.

நோட்டை அழித்ததும் எல்லாம் அநாமதேயம் ஆகிவிடுமா? அவள் அப்படித்தான் நம்பினாள். பெரும்பாலோர் அப்படித்தான் நம்புகிறார்கள். 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பெயர், முகவரி நீக்கி ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்தார்கள். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் அப்படியே இருந்தன. லடான்யா ஸ்வீனி என்ற மாணவி கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி இரண்டையும் பொருத்திப் பார்த்தார். அந்த மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதி அந்த நகரில் ஆறு பேருக்கு இருந்தது. அதில் மூன்று பேர் ஆண்கள். ஆளுநரின் அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் ஒருவர்தான். பெயரை நீக்கியவர்கள் பத்திரம் என்று சொல்லியிருந்த மருத்துவப் பதிவில் ஆளுநருடையது எது என்று தெரிந்துபோயிற்று.

நம் கிராமத்துக்கு வாக்காளர் பட்டியல்கூட வேண்டாம். இவளுடைய அட்டவணையில் வயது, பாலினம், கிராமம், தொழில், சாதி, கணவர் இருக்கிறாரா என்ற ஆறு பத்தி. '63, பெண், இந்த ஊர், பெட்டிக்கடை, கணவர் இல்லை' என்ற வரியைப் படித்தால் அந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் எவரும் பெயர் சொல்லிவிடுவார். அதே வரியின் கடைசியில் ஒன்பதாவது கேள்விக்கான மதிப்பெண் இருக்கிறது.

என்ன செய்யலாம்? தேவையில்லாததைக் கேட்காமல் விடுவதுதான் முதல் வழி. சாதி எதற்கு என்றேன். போன வருடத் தீசிஸில் இருந்தது என்றாள். ஆய்வுக் கேள்விக்கும் அதற்கும் தொடர்பு இல்லை, அடித்தாள். கேள்வித்தாளிலும் பிறந்த தேதிக்குப் பதில் வயது. வெளியிடும்போது வயதும் பத்தாண்டுத் தொகுதியாக, 60 முதல் 69 வரை என்று. கிராமத்தின் பெயர் அட்டவணையில் வேண்டாம். தொழிலைக் கூலி, சொந்தத் தொழில், வீட்டு வேலை என்று நாலைந்து பெரிய வகையாகச் சேர்த்துவிடலாம். எந்தக் கட்டத்திலாவது ஐந்து பேருக்குக் குறைவாக வந்தால் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிட வேண்டும். இப்படிச் செய்தாலும் ஒருவரையும் கண்டுபிடிக்கவே முடியாது என்று வாக்குக் கொடுக்க முடியாது. கடினமாக்கியிருக்கிறோம் என்று மட்டும் சொல்லலாம். அப்படியே எழுதிவிடலாம். குழுவில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பிறகு போன். நிரப்பிய படிவத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் கைடுக்கு அனுப்புவது இன்று எல்லா இடத்திலும் நடக்கிறது. அன்றிரவே போனிலிருந்து அந்தப் படம் தானாக எங்கெங்கோ சேமிக்கப்படும். நோட்டைப் பூட்டி வைத்து என்ன பயன்? படம் எடுக்கக் கூடாது என்று தீர்மானித்தாள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரைச் சுருக்கத்தில் போடலாமா என்று கேட்டாள். அந்தச் சட்டம் ஆராய்ச்சிக்கு நிபந்தனையோடு சில விலக்கு தருகிறது. அதை எங்கள் வக்கீல் உறுப்பினர் பார்த்துக்கொள்வார், விண்ணப்பத்தின் உள்ளே எழுதட்டும். சட்டத்தின் பெயர் பிடிக்கிற இடத்தில் பூட்டு யாரிடம், சாவி யாரிடம் என்று எழுதினால் எனக்குப் போதும்.

கடைசிப் பகுதி இப்படி அமைந்தது: 'பெயரும் எண்ணும் உள்ள பட்டியல் ஒரு நோட்டில், வழிகாட்டியின் பூட்டிய அலமாரியில் இருக்கும், ஆய்வாளரும் வழிகாட்டியும் மட்டும் பார்ப்பார்கள். முடிவுகளைத் தெரிவித்தபின் அது அழிக்கப்படும். அதன்பிறகு ஒருவரின் விவரத்தைத் தனியே நீக்க முடியாது. உயிரை விடும் எண்ணம் இருப்பதாகச் சொன்னால் மட்டும் மருத்துவரிடம் தெரிவிக்கப்படும். இது ஒப்புதலுக்கு முன்பே சொல்லப்படும். ஊர் சிறியது என்பதால் அட்டவணைகளில் ஊர்ப் பெயரும் சரியான வயதும் வராது.'

'முன்பே சொல்லப்படும்' என்பதில் ஒரு விலை இருக்கிறது. மருத்துவரிடம் போகும் என்று தெரிந்தால் சிலர் ஒன்பதாவது கேள்விக்கு உண்மை சொல்லாமல் 'இல்லை' என்று விடுவார்கள். ஆய்வின் எண்ணிக்கை கொஞ்சம் குறைவாகவே வரும். அவளுடைய கைடு இதைத்தான் முதலில் ஆட்சேபிப்பார் என்று நினைக்கிறேன். ஆட்சேபித்தால், தீசிஸில் குறைபாடுகள் என்ற பகுதியில் ஒரு வரி எழுதிக்கொள்ளட்டும். அந்த அம்மாவை ஏமாற்றி வாங்கிய சரியான எண்ணைவிட அது மேல்.

மூன்று பகுதியும் சேர்ந்து நூற்றிச் சொச்சம் வார்த்தை ஆகிவிட்டது. முன்னால் இருந்த 250ஐ வெட்டினால்தான் பெட்டிக்குள் அடங்கும். உலகில் சர்க்கரை நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்ற பத்தியை முழுதாக எடுத்துவிடச் சொன்னேன். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மாதிரி அளவுச் சூத்திரமும் விண்ணப்பத்தின் உள்ளே இருக்கிறது.

கிளம்பும்போது பையிலிருந்து பங்கேற்பாளருக்கான தகவல் தாளையும் எடுத்துக் காட்டினாள். இரண்டு பக்கம், பதிப்பு 1, தேதி எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் 'எவ்வித அபாயமும் இல்லை' என்று இருந்தது. அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டப்போவது இந்தத் தாளைத்தான். இதைத் திருத்திப் பதிப்பு 2 என்று போட்டு, சுருக்கத்தோடு வரிக்கு வரி ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும்.